நெல்லுக்கு 30 ரூபாய்: அறிவிப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையே

2025 அக்டோபர் 29 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் வெளியிட்ட அறிவிப்புகளில் திருவனந்தபுரம் நகரவாசிகளின் நினைவில் நின்றது நல ஓய்வூதியம் 2,000 ரூபாயாக உயர்ந்தது என்பதே. அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. நெல்லின் கொள்முதல் விலை கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தப்படுகிறது என்பது அந்த வரி. சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கும் குடும்பத்துக்கு அது அயலூர்ச் செய்தி. இந்நகரத்தின் நெற்களஞ்சியமாக ஒரு காலத்தில் விளங்கிய நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கு அப்பால் போய்விட்டது. வெள்ளாயணி ஏரிக்கரையையும் புஞ்சக்கரியையும் விட்டால் நகரத்தின் அருகில் கண்ணில் படும் வயல் சொற்பம்.

ஆயினும் அந்த வரி நகரத்தின் சமையலறையோடு தொடர்புடையது. பாலக்காட்டிலும் குட்டநாட்டிலும் அரசு கொள்முதல் செய்யும் நெல்தான் அரிசியாகி ரேஷன் கடைக்கு வருகிறது. மஞ்சள் அட்டைக்காரரும் இளஞ்சிவப்பு அட்டைக்காரரும் வாங்கும் மட்டை அரிசியின் மூலம் அதுவே. ஆகவே "30 ரூபாய்" என்ற செய்தியை எப்படி வாசிப்பது என்று நகரத்து வாசகர் தெரிந்துகொள்வது அவருடைய சொந்த நலனுக்கும் தேவையானது.

செய்தித்தாள்களில் விலை ஓர் எண்ணாக வருகிறது. விவசாயிக்கோ அது மூன்று தனித்தனிக் காரியங்கள். விலையை ஒருவர் அறிவிக்க வேண்டும். அந்த விலைக்கு வாங்க ஒருவர் வயலுக்கு வர வேண்டும். வாங்கிய நெல்லுக்குரிய பணம் அவர் கணக்குக்கு வந்து சேர வேண்டும். முதலாவது மட்டும் நடந்து மற்ற இரண்டும் நடக்காவிட்டால் அறிவித்த விலை வெறும் எழுத்து. கேரளத்தின் நெற்கொள்முதல் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெருமையும் குறையும் சேர்த்தே பேசப்பட வேண்டியவை.

ஆதார விலை எதற்கு ஆதாரம்?

குறைந்தபட்ச ஆதார விலை என்ற ஏற்பாடு உணவுப் பஞ்சம் அச்சுறுத்திய காலத்தில் பிறந்தது. வேளாண் விலை ஆணையம் 1965இல் அமைக்கப்பட்டது. இந்திய உணவுக் கழகமும் அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது என்பது தமிழர்கள் நினைவில் வைக்கத் தக்க செய்தி. விலையைச் சொல்ல ஓர் அமைப்பு, அந்த விலையில் வாங்க ஓர் அமைப்பு என இரண்டும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயலன்று. வாங்குவதற்கு ஆளில்லாத விலை விலையே அல்ல என்பது அன்றைய ஆட்சியாளர்களுக்கும் புரிந்திருந்தது.

இன்று 22 விளைபொருள்களுக்கு ஒன்றிய அரசு ஆதார விலை அறிவிக்கிறது. அவற்றில் நெல்லும் கோதுமையும் மட்டுமே பெருமளவில் அரசால் வாங்கப்படுகின்றன. அவையும் சில மாநிலங்களில்தான். ஒன்றிய அரசே நியமித்த சாந்தகுமார் குழு, கொள்முதல் அமைப்புகளுக்கு ஆதார விலையில் விற்றுப் பயனடைந்தவர்கள் விவசாயிகளில் 6 விழுக்காட்டினரே என்று 2015இல் அறிக்கை தந்தது. மற்றவர்கள் வியாபாரி சொன்ன விலைக்கு விற்றார்கள். ஆதார விலைக்குக் கீழே வாங்குவது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமன்று. அது அரசின் நிர்வாக அறிவிப்பு. விவசாயியின் உரிமை அன்று. டெல்லி எல்லையில் 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்த விவசாயிகள், மூன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதோடு ஆதார விலைக்குச் சட்ட உத்தரவாதமும் கேட்டதன் காரணம் இதுவே. சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. உத்தரவாதம் இன்னும் வரவில்லை.

அறிவிக்கப்படும் எண்ணும் எவ்வாறு வருகிறது என்று பார்க்க வேண்டும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், அதாவது கிலோவுக்கு 23 ரூபாய் 69 காசு. உற்பத்திச் செலவுக்கு மேல் ஐம்பது விழுக்காடு தரப்பட்டுள்ளது என்று அரசு சொல்கிறது. எந்தச் செலவு என்பதில்தான் சூட்சுமம். விதை, உரம், கூலி போன்ற கைப்பணச் செலவோடு குடும்பத்தாரின் உழைப்புக்கும் ஒரு மதிப்புச் சேர்த்து ஒரு கணக்கு உண்டு. அதன்படி நெல்லின் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். நிலத்தின் குத்தகை மதிப்பும் முதலீட்டுக்கான வட்டியும் சேர்ந்த முழுச் செலவு என்று இன்னொரு கணக்கும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரையாக விவசாயிகள் கேட்பது இந்த முழுச் செலவுக்கு மேல் ஐம்பது விழுக்காடு. அவ்வாறு கணக்கிட்டால் விலை குவிண்டாலுக்கு 3,135 ரூபாயாக இருந்திருக்க வேண்டும். 766 ரூபாய் குறைகிறது. ஆலப்புழையிலோ கோட்டயத்திலோ குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிரிடுபவருக்கு, அரசு கணக்கில் விட்டுவிட்ட குத்தகைதான் மிகப் பெரிய செலவு.

இந்த இடத்தில்தான் கேரளத்தின் 30 ரூபாய்க்குப் பொருள் விளங்கும். அதில் 23 ரூபாய் 69 காசு ஒன்றிய அரசின் ஆதார விலை. மீதி 6 ரூபாய் 31 காசு மாநில அரசு தன் நிதியிலிருந்து சேர்க்கும் ஊக்கத்தொகை. அண்டை மாநிலமான தமிழ்நாடு அதே பருவத்தில் சாதாரண ரகத்துக்கு 131 ரூபாய் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் தருகிறது. கேரளம் சேர்ப்பது 631 ரூபாய். இந்த வேறுபாடு சிறிதன்று. ஆனால் முழுச் செலவுக் கணக்கின்படி அனைத்திந்திய அளவில் கிடைத்திருக்க வேண்டிய கிலோ 31 ரூபாய் 35 காசை இந்த 30 ரூபாயும் எட்டவில்லை. கூலி உயர்ந்த கேரளத்தில் செலவு அனைத்திந்திய சராசரியைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரப்பில் காத்திருக்கும் நெல்

விலை அறிவித்தாயிற்று. இனி வாங்குவது யார்? தமிழ்நாட்டில் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கிறது. விவசாயி நெல்லை அங்கே கொண்டுபோகிறார். கேரளத்தின் முறை வேறு. மாநில உணவுப்பொருள் வழங்கல் கழகமான சப்ளைகோ தனியார் அரிசி ஆலைகளோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஒவ்வொரு பாடசேகரத்துக்கும், அதாவது ஒன்றாய்ச் சேர்ந்து பயிரிடும் வயல் தொகுதிக்கும், ஓர் ஆலை ஒதுக்கப்படுகிறது. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்ட விவசாயியின் வயலோரத்துக்கே ஆலையின் முகவர் வந்து நெல்லை எடுத்துப்போகிறார். ஆலை அதைப் புழுக்கி அரைத்து, அரிசியைச் சப்ளைகோவுக்குத் திருப்பித் தருகிறது. அரைவைக் கூலியை அரசு கொடுக்கிறது. காகிதத்தில் வாங்குபவர் அரசு. களத்தில் நிற்பவரோ தனியார் ஆலையின் முகவர்.

குட்டநாட்டில் இந்த முகவரை எதிர்பார்த்து நிற்கும் விவசாயியின் நிலையைக் கற்பனை செய்து பார்க்கலாம். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வயல். தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகே விதைப்பு. புஞ்சைப் பருவத்தின் அறுவடை மார்ச், ஏப்ரலில் வரும். தமிழ்நாட்டிலிருந்து வரும் அறுவடை இயந்திரங்கள் சில நாள்களில் ஒரு பாடசேகரத்தையே அறுத்துத் தள்ளிவிடுகின்றன. அறுத்த நெல்லை உலர்த்தக் களமில்லை; சுற்றிலும் நீர். வரப்பில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோடை மழை எந்த மாலையிலும் வரலாம். நனைந்த நெல் சில நாள்களில் முளைவிடும். விவசாயியால் காத்திருக்க முடியாது, ஆலையால் முடியும். பேரத்தில் வலிமை யார் பக்கம் என்பதை இந்த ஒரு வேறுபாடே முடிவு செய்துவிடுகிறது.

பேரம் விலையைப் பற்றி நடப்பதில்லை. விலை அரசு நிர்ணயித்தது. அதை மாற்ற முடியாது. எனவே பேரம் எடையைப் பற்றி நடக்கிறது. மலையாளத்தில் இதற்குக் 'கிழிவு' என்று பெயர், நம் ஊர்க் களங்களில் கழிவு என்று சொல்வது போல. ஈரம் கூடுதல், பதர் கூடுதல் என்று சொல்லிக் குவிண்டாலுக்கு இத்தனை கிலோ கழித்துக்கொள்வார்கள். கழித்த எடைக்குப் பணமில்லை.

கழிவு முற்றிலும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அரசு விதிப்படி நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காடு வரை இருக்கலாம். 20 விழுக்காடு ஈரமுள்ள நெல் 100 கிலோவில் 80 கிலோதான் உலர்ந்த பொருள். அதை 17 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் எடை ஏறத்தாழ 96.4 கிலோவாக இருக்கும். ஆக, நியாயமான கழிவு குவிண்டாலுக்கு 3.6 கிலோ. பள்ளிக் கணக்கு போதும், இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் முகவர் எட்டுக் கிலோ கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 22 குவிண்டால் விளைந்தவர் 176 கிலோவை இழக்கிறார். நியாயமாகக் கழிய வேண்டியது 80 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மிகுதியாகப் போனது 96 கிலோவுக்கு மேல். 30 ரூபாய் வீதம் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய், எந்த ஆவணத்திலும் பதியாமல் கைமாறிவிடுகிறது.

முழுக் கணக்கையும் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். அறுத்த 22 குவிண்டாலுக்கும் 30 ரூபாய் கிடைத்தால் 66,000 ரூபாய். எட்டுக் கிலோ கழிவுக்குப் பின் கிடைப்பது 60,720 ரூபாய். அறுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கிட்டால் 27 ரூபாய் 60 காசு. 2025இல் உயர்த்தப்பட்ட 1 ரூபாய் 80 காசும் கழிவில் கரைந்து, அதற்கு மேலும் போய்விட்டது. செய்தித்தாளில் விலை 30 ரூபாயாகவே நிற்கும். இதோடு சுமைக் கூலியும் இருக்கிறது. வரப்பிலிருந்து படகு, படகிலிருந்து லாரி என்று இருமுறை ஏற்றி இறக்க வேண்டிய இடங்களில் அரசு தரும் கையாளுகைச் செலவு கிலோவுக்கு 12 காசு, 22 குவிண்டாலுக்கு 264 ரூபாய். உண்மைக் கூலி அதன் பல மடங்கு.

ஆகவே கொள்முதல் காலத்தில் "நெல் எடுப்பதில் தாமதம்" என்ற செய்தியைப் படிக்கும் நகரத்து வாசகர், அது லாரி வராத செய்தி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தாமதத்தின் ஒவ்வொரு நாளும் கழிவின் அளவை உயர்த்துகிறது. ஈரப்பதமானி விவசாயியின் கண் முன் வைக்கப்பட்டதா, அல்லது முகவர் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே கழிவைச் சொன்னாரா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

68 கிலோவா, 64.5 கிலோவா?

ஆலைகளிடம் வேறொரு வழக்கும் உண்டு. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் விதி. கேரளத்தின் ஈரமான பருவநிலையில் விளையும் நெல்லிலிருந்து அவ்வளவு கிடைக்காது, 64.5 கிலோதான் தர முடியும் என்பது ஆலை உரிமையாளர்களின் நிலை. 2022 அக்டோபரிலும் 2025 அக்டோபரிலும் இக்கோரிக்கையை முன்வைத்து அவர்கள் கொள்முதலிலிருந்து விலகி நின்றார்கள். இரு முறையும் பாலக்காட்டில் முதல் போக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். நெல் வரப்பிலும் வீட்டு முற்றத்திலும் கிடந்தது.

மூன்றரைக் கிலோ வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். கேரளத்தின் ஆண்டுக் கொள்முதல் அண்மைக் காலத்தில் ஐந்தரை லட்சம் டன்னுக்கும் ஏழரை லட்சம் டன்னுக்கும் இடையில் இருந்துவருகிறது. ஆறு லட்சம் டன் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை விழுக்காடு என்பது 21,000 டன் அரிசி. ஆலை அதைத் தராவிட்டால் யாரோ ஒருவர் ஏற்க வேண்டும். ஒன்றிய அரசு 68 கிலோவுக்கே கணக்குப் பார்க்கும். மாநில அரசு ஏற்றால் கருவூலத்துக்கு இழப்பு. ஆலை ஏற்றால் அது கழிவாக உருமாறி விவசாயியின் தலையில் இறங்கும். இரண்டும் நடக்காவிட்டால் கொள்முதல் நிற்கும்.

ஆலைகளின் கூற்று உண்மையா என்று தீர்மானிக்க ஒரே வழி, குட்டநாட்டின் உமா ரக நெல்லையும் பாலக்காட்டின் ஜோதி ரக நெல்லையும் பருவந்தோறும் அரசே அரைத்துப் பார்த்து முடிவை வெளியிடுவது. அதற்கு அரசின் கையில் ஆலை இருக்க வேண்டும். கோட்டயம் மாவட்டம் வெச்சூரில் பொதுத்துறை நிறுவனமான ஆயில் பாம் இந்தியா நடத்தும் நவீன ஆலை போன்றவை விரல் விட்டு எண்ணத் தக்கவை. கொள்முதலின் பெரும்பகுதி தனியார் ஆலைகளை நம்பியே நடக்கிறது. தனியார் கைவிட்டால் நெல்லை எடுக்க மாற்று வழி இல்லை என்பதை ஆலை உரிமையாளர்கள் நன்றாக அறிவார்கள். இடதுசாரி அரசொன்றின் கொள்முதல் கொள்கைக்குள்ளேயே தனியார் மூலதனத்தின் பிடி இருக்கிறது என்ற உண்மையை மறைப்பதில் பயனில்லை. கூட்டுறவுத் துறை இவ்வளவு வேரூன்றிய மாநிலத்தில், அரைக்கும் ஆலை மட்டும் கூட்டுறவின் கைக்குப் பெருமளவில் வராமல் போனது ஏன் என்ற கேள்வியை எழுப்பியே ஆக வேண்டும்.

விற்றவர் கடனாளி ஆகும் விந்தை

நெல் போய்விட்டது. பணம்? இந்த இடத்தில் கேரளத்தின் முறை வேறெங்கும் காணாத ஒரு திருப்பத்தை உடையது. நெல்லை எடுத்ததற்குச் சான்றாக விவசாயிக்கு 'நெல் பெறுகைச் சீட்டு' கிடைக்கிறது. கேரளத்தில் எல்லோரும் அதைப் பி.ஆர்.எஸ். என்றே அழைக்கிறார்கள். சீட்டை வங்கியிடம் காட்டினால் வங்கி பணம் தருகிறது. ஆனால் அது விற்ற பொருளின் விலையாக அன்று, கடனாகத் தரப்படுகிறது. கடன் விவசாயியின் பெயரில் இருக்கும். முதலையும் வட்டியையும் சப்ளைகோ பின்னர் வங்கிக்குச் செலுத்தும்.

இதன் நோக்கம் தீயதன்று. அரசிடம் உடனடியாகப் பணம் இல்லாத நிலையில் விவசாயி மாதக்கணக்கில் காத்திருக்காமல் இருக்கட்டும் என்றே இந்த ஏற்பாடு வந்தது. சப்ளைகோ குறித்த காலத்தில் கட்டிவிட்டால் எல்லாம் நன்று. தாமதமானால் வங்கியின் ஏட்டில் தவணை தவறியவர் சப்ளைகோ அன்று, விவசாயி. அவருடைய கடன் மதிப்பெண் குறைகிறது. மகளின் படிப்புக்கோ அடுத்த விதைப்புக்கோ கடன் கேட்டுப் போகும்போது, ஏற்கெனவே பாக்கி உள்ளது என்ற பதில் வரலாம். பொருளை விற்ற ஒருவர், விற்றதற்கான பணத்தாலேயே கடனாளியாகப் பதியப்படும் நிலை இது. நகரத்து வாசகர் தம் மாதச் சம்பளத்தை முதலாளி கொடுக்காமல், வங்கியிலிருந்து அவர் பெயரில் கடனாக எடுத்துக் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கையிருப்பு ஏன் வறண்டது? கேரளம் பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தில் சேர்ந்த மாநிலம். அதன்படி மாநிலம் தன் பணத்தில் நெல்லை வாங்கி அரைத்து, அரிசியைப் பொது விநியோகத்தில் வழங்கிவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகே ஒன்றிய அரசு தன் பங்கைத் திருப்பித் தரும். விவசாயிக்குப் பணம் தர வேண்டியது அறுவடை மாதத்தில். ஒன்றியத்தின் பணம் வருவதோ அரிசி வழங்கிக் கணக்குத் தணிக்கையான பிறகு. இந்த இடைவெளியை மாநிலம் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். மாநிலத்தின் கடன் வரம்பையும் ஒன்றிய அரசு இறுக்கியது. கேரளம் 2023 டிசம்பரில் அரசியல் சாசனத்தின் 131ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தை நாடியது இதனால்தான். கூட்டாட்சி, நிதி உரிமை என்று மேடையில் பேசப்படும் சொற்களின் பொருள், ஆலப்புழையின் வங்கிக் கிளை ஒன்றில் விவசாயியின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கடனில் தெரிகிறது.

கூடியதும் குறைந்ததும்

ஒன்றிய அரசின் மீதான குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை உள்ளவர்கள் தங்கள் பக்கக் கணக்கையும் திறந்து வைக்க வேண்டும். 2021-22இல் ஒன்றியத்தின் ஆதார விலை 19 ரூபாய் 40 காசு, மாநிலத்தின் ஊக்கத்தொகை 8 ரூபாய் 60 காசு. மொத்தம் 28 ரூபாய். 2024-25இல் ஆதார விலை 23 ரூபாய், ஊக்கத்தொகை 5 ரூபாய் 20 காசு. மொத்தம் 28 ரூபாய் 20 காசு. மூன்று ஆண்டுகளில் ஒன்றியத்தின் விலை 3 ரூபாய் 60 காசு கூடியது. விவசாயியின் கைக்கு வந்தது 20 காசு. எஞ்சிய 3 ரூபாய் 40 காசு மாநிலத்தின் ஊக்கத்தொகையில் குறைந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் உரமும் டீசலும் அறுவடை இயந்திர வாடகையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

நிதி நெருக்கடி இதற்குக் காரணம் என்பது உண்மை. எனினும் அன்றைய தலைப்புச் செய்திகள் பல "உயர்ந்த விலை" என்றே எழுதின. அது பொய்யன்று. ஆனால் உயர்ந்த விலை அசையாமல் நின்றது என்பது அதில் இல்லை. ஊக்கத்தொகை 6 ரூபாய் 31 காசாகியது 2025இல் நிகழ்ந்த திருத்தம். விவசாயிகள் சங்கங்களின் விடாத கோரிக்கைக்கும் அதில் பங்குண்டு. அடுத்த ஆண்டு ஒன்றியம் ஆதார விலையை உயர்த்தும்போது இந்த 6 ரூபாய் 31 காசு அப்படியே நிற்குமா, அல்லது மறுபடியும் கரையுமா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இனிக் கொள்முதல் விலை பற்றிய செய்தி வரும்போது மொத்தத்தை மட்டும் படிக்காமல், எவ்வளவு ஒன்றியத்தினுடையது, எவ்வளவு மாநிலத்தினுடையது என்று பிரித்துப் படிக்கும் பழக்கம் வர வேண்டும்.

மாநிலம் கூடுதல் தொகை தருவதே ஒன்றிய அரசுக்கு உவப்பானதன்று. ஆதார விலைக்கு மேல் ஊக்கத்தொகை தரும் மாநிலங்களில் ஒன்றியத் தொகுப்புக்கான கொள்முதலைக் குறைத்துக்கொள்வோம் என்று மோடி அரசு பதவியேற்ற சில நாள்களிலேயே, 2014 ஜூனில், சுற்றறிக்கை அனுப்பியது. உற்பத்திச் செலவுக்கு மேல் ஐம்பது விழுக்காடு தருவோம் என்று தேர்தலில் வாக்களித்த அதே அரசு, அவ்வாறு தந்தால் சந்தை சீர்குலையும் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தானும் தராது, தருகிற மாநிலத்தையும் தடுக்கும். இந்தக் கொள்கையின் முழு வடிவம் பீகாரில் தெரிந்தது. அங்கு 2006இல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடச் சட்டம் நீக்கப்பட்டது. வலுவான கொள்முதலும் இல்லாத அங்கே, ஆதார விலை அறிவிக்கப்பட்ட பருவங்களிலேயே நெல் அதற்குக் கீழே விற்கப்படுகிறது. அறிவிப்பு ஒன்றுதான், வாங்கும் கை இல்லை.

எதைக் கேட்பது?

கேரளத்தில் வாங்கும் கை இருக்கிறது. அது நடுங்குகிறது என்பதுதான் குறை. 1970களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் வயல் இன்று இரண்டு லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எஞ்சியதைக் காக்க 2008இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும் இடதுசாரி அரசே. வயலை நிரப்பி வீடு கட்டக் கூடாது என்று விவசாயியிடம் சொல்லும் சமுதாயம், அந்த வயலில் விளைந்ததை நேரத்தில் எடுத்து நேரத்தில் பணம் தரக் கடமைப்பட்டது. ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாவிட்டால் சட்டம் இருக்கும், வயல் தரிசாகக் கிடக்கும்.

கோரிக்கைகள் நான்கு. விலை சட்டத்தின் உத்தரவாதமாக வேண்டும். அது முழுச் செலவின் அடிப்படையில் அமைய வேண்டும். இது ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியது. கொள்முதலுக்கான பணத்தை ஒன்றியம் அறுவடைக்கு முன்பே முன்பணமாகத் தர வேண்டும். பின்னர்க் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மாநிலம் செய்ய வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு பாடசேகரத்திலும் விவசாயிகள் குழுவின் முன்னிலையில் ஈரப்பதம் அளந்து, கழிவின் அளவைச் சீட்டிலேயே எழுத வேண்டும். பதிவாகாத கழிவுதான் கொள்ளைக்கு வழி. இரண்டாவதாக, பெறுகைச் சீட்டுக்கு வங்கி தரும் தொகை சப்ளைகோவின் பெயரில் கடனாகட்டும். விவசாயியின் கணக்கில் அது விற்பனைத் தொகையாக வரட்டும். கூட்டுறவு ஆலைகளைப் பெருக்குவது இவற்றைவிடக் காலம் பிடிக்கும் வேலை. ஆனால் அது நடக்காதவரை ஒவ்வோர் அக்டோபரிலும் பேச்சுவார்த்தை மேசையில் அரசு கை கட்டி உட்கார வேண்டியிருக்கும்.

நகரத்து வாசகர் செய்யக்கூடியது உண்டா? உண்டு. அடுத்த மார்ச்சில் குட்டநாட்டில் அறுவடை தொடங்கும்போது செய்திகளில் விலை வரும். அப்போது அவர் கேட்க வேண்டியவை: நெல் அறுத்த எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது? குவிண்டாலுக்கு எத்தனை கிலோ கழிக்கப்பட்டது? பணம் எந்தத் தேதியில், யார் பெயரில் கடனாக வந்தது? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாத செய்தி விலையைப் பற்றிய செய்தி அன்று. ரேஷன் கடையின் தராசில் ஏறும் மட்டை அரிசி, வரப்பிலிருந்த வேறொரு தராசில் முன்பே ஏறி இறங்கியது. அந்தத் தராசு நேராக நின்றதா என்று கேட்பதற்கு, அரிசி வாங்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.